56 கிலோவுக்கு எத்தனை கிராம்?

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒல்லிப் பையன்களுக்கு ஒரு கணக்கு சொல்லிவிடுவார்கள். “தம்பி, வெயிட் எவ்வளவு? அதை ரெண்டால பெருக்கு. அத்தனை கிராம் புரோட்டீன் தினமும் உள்ள போகணும்.” 56 கிலோ என்றால் 112 கிராம். கோழியும் முட்டையும் சாப்பிடுகிறவருக்கு அதை எட்ட ஏதோ ஒரு வழி தெரியும். முட்டைகூட நுழையாத வீட்டுப் பையன் என்ன செய்வான்? ஒன்று, மூவாயிரம் ரூபாய் கொடுத்துப் பவுடர் டப்பா வாங்குவான். இல்லையென்றால் இரண்டு வாரம் பருப்பையும் சுண்டலையும் திணித்துப் பார்த்து, வயிறு உப்பி, கணக்கையே விட்டுவிடுவான்.

அந்தக் கணக்கு முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒல்லியான, சைவம் சாப்பிடுகிற ஒருவருக்கு அது சரியான இடத்தில் நிற்கவில்லை. அவருக்கான எண் எது, அது எங்கிருந்து வருகிறது, நம் சமையலறையில் அதை எப்படி எட்டுவது என்று ஒரே ஆளை வைத்துப் பார்த்துவிடலாம்.

நம் ஆளுக்கு வயது 26, உயரம் 172 சென்டிமீட்டர், எடை 56 கிலோ. பால், தயிர் உண்டு. முட்டை, மீன், கறி கிடையாது. உட்கார்ந்து பார்க்கும் வேலை. வாரத்தில் நான்கு நாள் எடை தூக்கிப் பயிற்சி செய்கிறார். சிறுநீரகத்தில் கோளாறு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோளாறு இருந்தால் கீழே வரும் எந்தக் கணக்கும் பொருந்தாது; அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.

புரத அளவு என்று ஊரில் மூன்று எண்கள் சுற்றுகின்றன. முதலாவது, கிலோவுக்கு 0.83 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் இருப்பது இதுதான். அதுவும் தரமான புரதத்துக்கு. தானியத்தையே பெரிதும் நம்பிச் சாப்பிடுகிறவருக்கு ஏறக்குறைய 1 கிராம் என்கிறார்கள். இந்த எண் எதற்காகப் போடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். உடம்பிலிருந்து தினமும் வெளியேறும் நைட்ரஜனை அளந்து, அதை ஈடுகட்ட எவ்வளவு புரதம் வேண்டும் என்று பார்த்து, ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்துக்காகக் கொஞ்சம் சேர்த்துப் போட்ட எண் இது. குறைபாடு வராமல் இருக்க இது போதும். புதிதாகத் தசை போட வேண்டும் என்பது இந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

மூன்றாவது எண்ணை இரண்டாவதற்கு முன்னால் சொல்வது வசதி. கிலோவுக்கு 2.2 கிராம். அமெரிக்க ஜிம்களில் எடையைப் பவுண்டில் பார்க்கிறார்கள். ‘ஒரு பவுண்டுக்கு ஒரு கிராம்’ என்று நினைவில் வைப்பது அங்கே சுலபம். ஒரு கிலோ என்பது 2.2 பவுண்டு. அந்தச் சுலபமான வாய்பாடு இங்கே வந்ததும் 2.2 ஆகி, ‘ரெண்டால பெருக்கு’ என்று தேய்ந்து நிற்கிறது.

நடுவில் இருப்பது 1.6. இதற்குப் பின்னால் ஓரளவு கனமான ஆதாரம் இருக்கிறது. எடைப்பயிற்சி செய்தவர்களுக்குக் கூடுதல் புரதம் கொடுத்துப் பார்த்த 49 ஆய்வுகளை, மொத்தம் 1,863 பேரின் விவரங்களோடு, ராபர்ட் மார்ட்டன் என்பவரும் உடனிருந்தவர்களும் ஒன்றுசேர்த்து 2018இல் வெளியிட்டார்கள். புரதம் கூடக் கூடத் தசையும் கூடுகிறது. ஆனால் கிலோவுக்கு 1.6 கிராம் வந்ததும் அந்தக் கோடு படுத்துவிடுகிறது. அதற்கு மேல் கொடுத்தவர்களுக்குச் சராசரியாகப் பெரிய ஆதாயம் தெரியவில்லை. இந்த 1.6ஐக் கல்லில் செதுக்கிய எண் என்று நினைத்துவிடக் கூடாது. உண்மையான திருப்புமுனை 1.03இலிருந்து 2.2 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அவர்களே இடம் விட்டிருக்கிறார்கள். 2.2 என்று சொல்கிறவர்கள் பிடித்துக்கொள்வது இந்த மேல் விளிம்பைத்தான்.

அதே ஆய்வில் ஜிம்களில் யாரும் பேசாத இன்னொரு விஷயம் உண்டு. கூடுதல் புரதத்தால் கிடைத்த கூடுதல் தசை சராசரியாக எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 300 கிராம். சில மாதப் பயிற்சிக்குப் பிறகு! தசையின் பெரும்பங்கை வளர்த்தது பயிற்சி. புரதம் அதற்கு மேல் ஒரு சின்னப் பங்கைச் சேர்த்தது. ஆகவே 90 கிராமா, 112 கிராமா என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் பொருள் இல்லை. நம் ஆளின் பிரச்சினை அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இல்லை என்பது, அவர் இப்போது என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

காலையில் நான்கு இட்லி. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம், ஆக 8. தொட்டுக்கொள்ளச் சாம்பார் 3, தேங்காய்ச் சட்னி 1. மதியம் 150 கிராம் அரிசியில் வடித்த சாதம், அதில் 12. சாம்பார் 5, பொரியல் 2, ஒரு கிண்ணம் தயிர் 3. இரண்டு வேளைக் காபியின் பாலில் 6. சாயந்திரம் பஜ்ஜியோ பிஸ்கட்டோ, 3. இரவு மூன்று தோசை, சட்னியோடு சேர்த்து 10. கூட்டினால் 53 கிராம். கிலோவுக்கு 0.95. குறைபாடு என்று சொல்ல முடியாது. தசை போடவும் போதாது.

“தினமும் பருப்பு போட்டுத்தானே சாம்பார் வைக்கிறேன்?” என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. நூறு கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் நான்கு பேர் உள்ள வீட்டில் மதியச் சாம்பாருக்கு நூறு கிராம் பருப்பு வேகவைத்தால் ஒருவருடைய பங்கு ஐந்தரை கிராம். தட்டில் ஊற்றுவது ஒரு கரண்டி பருப்பைப் போலத் தெரிந்தாலும் அதில் பெரும்பகுதி புளித்தண்ணீர்தான். இணையத்தில் பார்க்கும் புரத அட்டவணைகளும் இங்கேதான் ஆளை ஏமாற்றும். அவற்றில் இருக்கும் எண் காய்ந்த பருப்புக்கு. வெந்த பருப்பு தண்ணீரைக் குடித்து உப்பிவிடுவதால், நூறு கிராம் வெந்த பருப்பில் 7 கிராம் அளவுக்குத்தான் தேறும். வேகவைத்த சுண்டலைத் தராசில் வைத்து, காய்ந்த கடலையின் எண்ணால் பெருக்கிக்கொண்டு “நான் எட்டிவிட்டேன்” என்பவர்களைப் பார்க்கலாம். உண்மையில் அவர்கள் பாதியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். அளப்பதென்றால் ஊறவைக்கும் முன், காய்ந்த நிலையில் அளக்க வேண்டும்.

சரி, நம் ஆளுக்கு இலக்கு எவ்வளவு? முதலில் எந்த எடையால் பெருக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். கொழுப்பு அதிகமுள்ள 95 கிலோக்காரர் தன் முழு எடையால் பெருக்கினால், கொழுப்புக்கும் சேர்த்துப் புரதம் போடுவதாக ஆகிவிடும். அவர் இலக்கு எடையை வைத்துக் கணக்கிடுவது சரி. ஒல்லியானவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. உடம்பில் கொழுப்பு கொஞ்சமே இருப்பதால் இன்றைக்குத் தராசு காட்டும் எடையையே எடுத்துக்கொள்ளலாம். “எழுபது கிலோ ஆகணும், அதனால எழுபதால பெருக்குறேன்” என்பது வேண்டாம். இல்லாத தசைக்கு இன்றைக்கே படியளக்கத் தேவையில்லை.

56ஐ 1.6ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 90. இது முதல் எண். இதன்மேல் சைவத்துக்காக ஒரு திருத்தம் போட வேண்டும், ஏனென்றால் சாப்பிடும் புரதம் முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. பால் புரதத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை ஒட்டிச் சீரணமாகிறது. பருப்பு, பயறு, முழுத் தானியங்களில், அளக்கும் முறையைப் பொறுத்து, அது எண்பது, எழுபது என்று இறங்கும். தோலும் ஒரு காரணம். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பாசிப்பயறைச் சோதித்தபோது, தோல் நீக்கியது தோலோடு இருப்பதைவிட நன்றாகச் சீரணமானது தெரிந்தது. முளைகட்டிய பயறுதான் உசத்தி என்று நினைக்கிறோம். புரதக் கணக்கில் நம் பழைய பாசிப்பருப்புக் கூட்டு அதற்குச் சளைத்ததல்ல.

இரண்டாவது விஷயம் அமினோ அமிலம். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்தது. அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்ற ஒன்று குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு. தானியத்தில் அது இருக்கிறது. சாம்பார் சாதம், இட்லி, அடை, வெண்பொங்கல் எல்லாம் இந்தக் குறையைத் தாமாகவே ஈடுகட்டிக்கொள்ளும் சாப்பாடுகள். இரண்டையும் ஒரே கவளத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரே நாளுக்குள் இரண்டும் வந்துவிட்டால் போதும் என்பதுதான் இப்போதைய நிலை. எனவே லைசினைத் தனியாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். தட்டில் சாதம் மட்டும் மலைபோல இருந்து பருப்பு ஒரு கரண்டி என்றால்தான் அது பிரச்சினை.

ஆகவே என் கணக்கு இப்படிப் போகிறது. புரதத்தில் பாதிக்கு மேல் பால், பன்னீர், சோயாவிலிருந்து வருகிறவருக்கு 1.6 போதும். பெரும்பகுதி பருப்பும் தானியமுமாகச் சாப்பிடுகிறவர் 1.8 வரை போகலாம். நம் ஆள் இரண்டுக்கும் நடுவில் வருவார், 1.75 என்று வைத்தால் 98 கிராம். இதில் மூன்றில் ஒரு பங்கு பால், சோயாவிலிருந்தும் மீதி தானியம், பருப்பிலிருந்தும் வந்தால், உடம்பில் சேர்வது 83 கிராம் போல இருக்கும். 90 கிராமையும் பாலிலிருந்தே எடுத்துக்கொண்டவருக்குச் சேர்வது 85. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. சைவத்துக்கான திருத்தம் என்பது இவ்வளவுதான். ரெண்டால், மூணால் பெருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கறி சாப்பிடாமல் தசை வளருமா என்ற சந்தேகம் இன்னும் இருந்தால், பிரேசிலில் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2021இல் வெளியான ஒரு ஆய்வு உண்டு. பால்கூடத் தொடாத 19 இளைஞர்கள் ஒரு பக்கம், எல்லாம் சாப்பிடும் 19 இளைஞர்கள் மறுபக்கம். இரு அணிக்கும் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம். முதல் அணிக்குக் குறைந்ததைச் சோயாவாலும் இரண்டாம் அணிக்கு வே புரோட்டீனாலும் நிரப்பினார்கள். பன்னிரண்டு வாரம் கால் தசைக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் இரண்டு அணிக்கும் வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான்; பயிற்சிக்குப் புதியவர்களை வைத்துச் செய்தது. ஆனால் நம் ஆளும் அப்படிப்பட்டவர்தானே.

இனி 53ஐ 98 ஆக்க வேண்டும். சாப்பாட்டையே மாற்றாமல், இருப்பதைக் கொஞ்சம் அடர்த்தியாக்கிப் பார்ப்போம். காலையில் அதே நான்கு இட்லி. சாம்பாரில் அடியில் தங்கிய பருப்பைக் கிளறி எடுத்துக் கெட்டியாக ஊற்றிக்கொண்டால் 3 என்பது 6 ஆகும். சட்னியில் தேங்காயைக் குறைத்து ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை சேர்த்தால் 4. காபிப் பால் 3. ஆக 21. மதியம் பொரியலுக்குப் பதிலாக, காய்ந்த நிலையில் 30 கிராம் மீல் மேக்கரை வெந்நீரில் போட்டுப் பிழிந்து, மிளகு வறுவலாகச் செய்தால் அது மட்டுமே 15. எண்ணெய் எடுத்த சோயாவிலிருந்து செய்வது என்பதால் அதில் பாதிக்கு மேல் புரதம். சைவக் கடையில் இந்த விலைக்கு இவ்வளவு புரதம் தரும் பொருள் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. சோயா சாப்பிட்டால் ஆண்களின் ஹார்மோன் குறையும் என்று கிளப்பிவிடும் பேச்சை, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவுகள் ஆதரிக்கவில்லை. சாதம் 12, சாம்பார் 6, தயிரை ஒன்றரைக் கிண்ணம் ஆக்கினால் 5. மதியம் மட்டும் 38.

சாயந்திரம் பஜ்ஜிக்குப் பதில் 40 கிராம் வேர்க்கடலை, 10, காபியோடு 13. இரவு தோசைக்குப் பதில் அடை. அரிசி அறுபது கிராம், பருப்புகள் அறுபது கிராம் என்று ஊறவைத்து அரைத்தால் ஒருவருக்கான இரண்டு அடையில் 18 கிராம் வந்துவிடும். தூங்கும் முன் கால் லிட்டர் பால், 8. ஆக 26. நாள் மொத்தம் 98. பவுடர் டப்பா இல்லாமலே வந்துவிட்டது. தினமும் அடை வார்க்க யாருக்கு முடியும் என்றால், முடியாத நாளில் நூறு கிராம் பன்னீரோ ஒரு கரண்டி வே பவுடரோ அந்த இடத்தை நிரப்பும். பவுடர் என்பது அவசரத்துக்கு உதவும் சாப்பாடு. அதற்கு மருந்துக்குரிய மரியாதையெல்லாம் தேவையில்லை.

ஒரு வேளைக்கு இவ்வளவு என்றும் ஒரு கணக்கு உண்டு: கிலோவுக்கு 0.4 கிராம், அதாவது நம் ஆளுக்கு 22 போல. மூன்று முக்கிய வேளைகளிலும் அதை ஒட்டி வந்தால் நல்லது. மேலே வந்திருக்கிறது. பயிற்சி முடித்த அரை மணிக்குள் குடிக்காவிட்டால் வீண் என்ற பதற்றம் வேண்டாம். நாள் மொத்தம்தான் முக்கியம்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நம் ஆளின் பழைய சாப்பாட்டில் கலோரி 2,000 போலத்தான் இருந்தது. அவருடைய உயரம், எடை, வயது, பயிற்சிக்கு இப்போதைய எடையைத் தக்கவைக்கவே 2,250 தேவைப்படும். எரிபொருள் பற்றாத உடம்பு, கிடைக்கும் புரதத்தில் ஒரு பகுதியைத் தசைக்குக் கொடுக்காமல் எரித்துவிடும். 112 கிராம் என்ற இலக்கு ஒல்லிச் சைவருக்குத் தீங்காவது இங்கேதான். பருப்பும் சுண்டலும் சோயாவும் வயிற்றைச் சீக்கிரம் நிரப்புபவை. அவற்றையே மேலும் மேலும் திணிக்கும்போது சாதமும் நெய்யும் குறைந்து, புரதம் எட்டிய நாளில் கலோரி எட்டாமல் போகிறது. மூன்று மாதம் கழித்து, “புரோட்டீன் எல்லாம் சரியா எடுத்தேன் சார், எடையே ஏறல” என்று வந்து நிற்பார். அவருக்குக் குறைந்தது சாதம். மேலே போட்ட புதிய சாப்பாட்டில் புரதத்தோடு சுமார் 600 கலோரியும் சேர்ந்து மொத்தம் 2,600ஐ எட்டுகிறது. தேவைக்கு மேல் 350. அந்த உபரிதான் எடையை நகர்த்தும்.

53இலிருந்து 98க்கு ஒரே நாளில் தாவக் கூடாது. வயிறு உப்பும், வாயு பிடிக்கும். குற்றம் மீல் மேக்கர் தலையில் விழும். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து கிராம் என்று ஏற்றி, கொண்டைக்கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஒரு மாதத்தில் குடல் பழகிக்கொள்ளும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க மூன்று பொருள் போதும்: தராசு, தையல்காரர் டேப், ஒரு நோட்டு. காலையில் பல் தேய்த்ததும் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை எழுத வேண்டும். ஒரு நாள் எடை தண்ணீரால் ஒரு கிலோ வரை ஆடும். வாரத்துக்கு 150இலிருந்து 300 கிராம் ஏறினால் சரியான வேகம். தூக்கும் எடையும் நோட்டில் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று வாரமாக எடை அசையவில்லை என்றால் புரதத்தைத் தொடாமல் ஒரு கரண்டி சாதம், ஒரு ஸ்பூன் நெய், ஒரு வாழைப்பழம் என்று கூட்டிப் பார்க்க வேண்டும். எடை ஏறுகிறது, ஆனால் இடுப்புச் சுற்றளவும் வேகமாக ஏறுகிறது, தூக்கும் எடை மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது என்றால் உபரி அதிகம் அல்லது பயிற்சி போதவில்லை. சோறு சரி, எடை சரி, பயிற்சியும் சரி, அப்படியும் ஒன்றும் நகரவில்லை என்ற கட்டத்தில்தான் 1.75ஐ 2 ஆக்கிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

எடை ஏற ஏற இலக்கையும் மாற்ற வேண்டுமா என்றால், வேண்டும்தான்; ஆனால் மாதாமாதம் கால்குலேட்டர் தேவையில்லை. நம் ஆள் 60 கிலோவை எட்டும்போது கணக்கு 105 ஆகும். கூடுதல் 7 கிராம். இரவுப் பாலைப் போல இன்னொரு கால் லிட்டரைச் சாயந்திரமும் குடித்தால் அது வந்துவிடும்.